'கதீட்டர் டே': குழல்நாளா, வடிகுழாய் நாளா?

மீனா:
வணக்கம். எங்கள் 24 படுக்கை மருத்துவமனையின் வார்டுச் சுவருக்குத் தரப்பலகை தயாரிக்கிறோம். மூன்றே அளவுகள்: நோயாளி கீழே விழுந்தது, மருந்து மாறியது, சிறுநீர் கதீட்டரால் வந்த தொற்று. மூன்றாவதில் 'கதீட்டர் டே' என்ற சொல்லுக்குத் தமிழ் வேண்டும். தினமும் இரவு 12 மணிக்கு எத்தனை பேருக்குக் கதீட்டர் இருக்கிறது என்று எண்ணி, மாதம் முழுக்கக் கூட்டினால் வரும் எண் அது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இளங்கோ:
குழல்நாள். 'நாளம்' இன்னும் நன்று, குருதிநாளம் என்கிறோமே. ஆனால் 'நாளநாள்' என்று ஆகிவிடும். உள்ளே துளையுள்ள தண்டுதான் நாளம். நாணலும் அதே வேர் என்பது என் கருத்து.

ஜெயந்தி:
நாணல் வரை போக வேண்டாம், ஐயா. குழல் என்றால் செவிலியருக்குக் கூந்தல்தான் நினைவு வரும். சிறுநீர்க்குழாய் என்றால் உடலுறுப்பு. வடிகுழாய் இருக்கிறதே.

ரவி:
கதீட்டரை மாற்ற வேண்டிய தேதிதானே? அப்பாவுக்கு வீட்டில் அதைக் குறித்து வைப்போம். 'மாற்றுநாள்' போதும்.

சுந்தர்:
நாள் எதற்கு? கதீட்டர் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று விழுக்காடு போடுங்களேன்.

மீனா:
சுந்தர், ஒருவருக்கு 2 நாள் இருக்கும், இன்னொருவருக்கு 12 நாள். இருவருக்கும் ஆபத்து ஒன்றா? அதனால்தான் வகுக்கும் எண்ணாக ஆளை வைக்காமல் நாளை வைக்கிறோம். மே மாதம் 62 கதீட்டர் நாள், ஒரு தொற்று. 1000 நாளுக்கு 16. ஏப்ரலிலும் ஜூனிலும் தொற்றே இல்லை. மாதாமாதம் போட்டால் பலகை சிவப்பாகிப் பச்சையாகியிருக்கும், வார்டில் எதுவும் மாறவில்லை. மூன்று மாதத்தையும் சேர்த்தால் 188 நாளுக்கு ஒன்று, 1000க்கு 5 சொச்சம். அதனால் மூன்று மாதக் கூட்டுதான் போடப் போகிறோம்.

ஜெயந்தி:
இன்னொன்று. தேவையில்லாத கதீட்டரைச் சீக்கிரம் எடுத்தால் நாள் எண்ணிக்கை குறையும். மிஞ்சுவது நோய் கடுமையானவர்கள். தொற்று குறைந்தும் விகிதம் ஏறலாம். அதனால் விகிதத்தோடு தொற்று எத்தனை, நாள் எத்தனை என்ற இரண்டையும் அப்படியே எழுதுங்கள். செவிலியர் விகிதத்தை மட்டும் பார்த்தால், நல்லது செய்ததற்கே திட்டு விழும்.

மீனா:
சரி. ரவி தேதி என்று நினைத்தது எனக்கு உதவியது, வார்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். 'வடிகுழாய் நாட்கணக்கு' என்றால் எண்ணிக்கை என்று புரியுமா?

இளங்கோ:
'நாட்கள்' தவறு, 'நாள்கள்' என்றே எழுத வேண்டும். ஆனால் நாட்கணக்கு வேற்றுமைத் தொகை, அங்கே ளகரம் டகரமாவது சரிதான். குழலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுந்தர்:
நாட்கணக்குக்கு என் வாக்கு. 'வடிகுழாய்' எந்தச் செவிலியர் வாயில் வரும்?

மீனா:
இன்று வார்டில் ஐந்து பேரிடம் கேட்டேன். நால்வர் கதீட்டர் என்றே சொல்கிறார்கள். 'கதீட்டர் நாட்கணக்கு' என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இளங்கோ:
அடுத்த அச்சில் குழலை எழுதுங்கள், அம்மா. நான் மீண்டும் கேட்பேன்.