ஆக்ஸிமீட்டர்ல 99, ஆனா ஆளு நிக்க முடியாம விழுந்துட்டாரு

ஈசூன் மணி:
எங்க சைட்ல நடந்தது. நல்ல மழை, பேஸ்மென்ட்ல தண்ணி ஏறிடுச்சுன்னு பம்ப் ஓட்ட ஜெனரேட்டரையும் கீழயே இறக்கி வச்சிட்டாங்க, ஒரு மணி நேரத்துல ரெண்டு பேருக்கு தலைவலி, ஒருத்தர் வாந்தி எடுத்து அப்படியே விழுந்துட்டாரு. ஃபர்ஸ்ட் எய்டர் விரல்ல மாட்டினா 99. ஆக்ஸிஜன் நல்லாருக்கு, பனடோல் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. நல்லவேளை போர்மேன் அண்ணன் கேக்காம ஆம்புலன்ஸுக்கு 995 அடிச்சாரு. ரத்தம் எடுத்து பாத்தப்ப ஜெனரேட்டர் புகையில வர்ற விஷவாயு கார்பன் மோனாக்சைடு 26 சதவீதம். அப்ப அந்த 99 எங்கேருந்து வந்துச்சு? உங்களுக்கும் இப்படி ஆகிருக்கா?

பூன்லே புஷ்பா:
எங்கம்மாக்கு தலைகீழா ஆச்சு! ஏர்கான் ரூம்ல 84 காட்டுச்சு, பயந்து போய் டாக்சி கூப்பிட்டாச்சு. டாக்டர் கைய சூடா தேச்சு விட்டுட்டு பாத்தா 97. 2021ல டெமாசெக் பவுண்டேஷன் வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்களே, அந்த மெஷின்தான்.

நர்ஸ் செல்வி:
புஷ்பா அக்கா, அது விரல் சில்லுன்னு இருந்து ரத்த ஓட்டம் கம்மியானதால. மெஷின் காட்டுற நாடித்துடிப்பும் மணிக்கட்டுல நீங்க எண்ணுறதும் ஒத்துப் போகலன்னா அந்த நம்பர நம்பாதீங்க.
மணி கேக்குறது வேற. மெஷின் ரெண்டு வெளிச்சம்தான் அனுப்பும், ஒண்ணு சிவப்பு, இன்னொன்னு கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட். கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தமும் ஆக்ஸிஜன் ஒட்டின ரத்தமும் அந்த சிவப்புக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும், பிரிச்சு பாக்க அதுக்கு வழியே இல்ல. அவருக்கு நிஜ ஆக்ஸிஜன் 73 போல இருந்திருக்கும், 26ஐயும் அதோட சேத்து எண்ணி 99ன்னு காட்டிருக்கு. ரத்தத்த கோ-ஆக்ஸிமீட்டர்ங்கற ஆஸ்பத்திரி மெஷின்ல போட்டாத்தான் தனித்தனியா வரும்.

தமிழ்வாணன் எஸ்ஜி:
நம்ம கறுப்பு தோலுக்கு மெஷின் எப்பவும் கம்மியாத்தான் காட்டும், 92 வந்தா 95னு வச்சுக்கலாம்.

நர்ஸ் செல்வி:
தம்பி, அப்படி கூட்டாதீங்க, ஆபத்து! தோல் கறுப்புனால கோளாறு வரும்ங்கறது சரி, ஆனா பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். 2020ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல மெஷின் 92லேருந்து 96 வரைக்கும் காட்டினப்ப, ரத்தத்துல நிஜமா 88க்கு கீழ இருந்தது கறுப்பினத்தவர்ல 11.7 சதவீதம், வெள்ளையர்ல 3.6. நம்மாளுங்களுக்கு எவ்ளோ மாறும்னு அந்த கணக்க அப்படியே போட முடியாது, தோல் நிறமே ஆளுக்கு ஆள் வேற.

ஈசூன் மணி:
அக்கா, விரல்லயே கார்பன் மோனாக்சைடு காட்டுற மெஷின் இருக்காமே, சைட்டுக்கு ஒண்ணு வாங்க சொல்லலாமா?

நர்ஸ் செல்வி:
இருக்கு. அதிகமா காட்டினா உடனே உஷாராகலாம், ஆனா கம்மியா காட்டுதேன்னு ஆள விட்டுட முடியாது, அதோட கணக்கும் சில சமயம் நிறைய தள்ளிப் போகும். அதவிட ஒரே எடத்துல இருந்த ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணா தலைவலின்னா அத பெரிய அடையாளமா எடுத்துக்குங்க. முதல்ல எல்லாரும் வெளிய வரணும், 995 அடிக்கும்போதே ஜெனரேட்டர் உள்ள ஓடுச்சுன்னு சொல்லிடணும். மாஸ்க்ல முழு ஆக்ஸிஜன் குடுத்தா ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு பாதியா குறைய ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் போல, சும்மா காத்துல விட்டா நாலஞ்சு மணி நேரம்.

பூன்லே புஷ்பா:
அப்ப வீட்டுக்குள்ள கரி அடுப்புல சமைச்சாலும் இதே கதைதானா? எங்க மாமா மழைன்னா பால்கனி கதவ சாத்திட்டு சுடுவாரு.

நர்ஸ் செல்வி:
அதேதான் அக்கா. இன்னிக்கே சொல்லி நிறுத்துங்க.