‘தருவாராம்’ – இந்த ‘ஆம்’முக்கு என்ன பெயர்?

கோரமங்களாவிலிருந்து:
அலுவலகத்துக்கு வரும் ஆங்கில மின்னஞ்சல்களைத் தமிழில் சுருக்கிக் கொடுப்பது என் வேலை. தனக்கு வரவேண்டிய பாக்கியை வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக மேலாளர் சொன்னார் என ஓர் ஒப்பந்தக்காரர் எழுதியிருந்தார். நான் ‘என் பாக்கியை வெள்ளிக்குள் தருவேன் என்று மேலாளர் சொன்னார்’ என்று போட்டுவிட்டேன். கணக்குப் பிரிவில், “மேலாளர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்?” என்று கேட்டார்கள். ‘தருவாராம்’ என்று முடித்தால் சிக்கலே இல்லை. அந்த ஈற்றுக்கு ‘கேள்வி ஈறு’ எனப் பெயர் வைக்கலாமா?

ஜெயநகரிலிருந்து:
மேற்கோள் குறி போட்டால் போதுமே. எங்கள் குடியிருப்புச் சங்கக் கடிதங்களில் அப்படித்தான் செய்கிறோம். தண்ணீர் லாரிக்காரர் சொன்னதைக்கூட!

அல்சூரிலிருந்து:
தம்பி, குறி போட்டாலும் ‘என்’ மேலாளருடையதாகத்தான் படும். ‘தருவேன்’ என்றதும் பேசுபவர் அவராகிவிட்டார். உங்கள் வாக்கியத்தில் வினை மேலாளர் வாயிலும் ‘என்’ ஒப்பந்தக்காரர் வாயிலும் நிற்கின்றன. ‘பாக்கியைத் தருவதாக மேலாளர் சொன்னார் என்கிறார் ஒப்பந்தக்காரர்’ என்று எழுதுங்கள். ‘தருவதாக’வில் தன்மை, படர்க்கை விகுதி எதுவும் இல்லை, அதனால் குழப்பம் வராது. ஆனால் ஏவலுக்கு அது ஆகாது. ‘கையெழுத்து வாங்கு’ என்று அவர் சொல்லியிருந்தால் ‘வாங்கும்படி சொன்னார்’ என்றுதான் வரும்.

பெயர் விஷயம்: கேள்வி என்றால் காதால் கேட்பது, குறளின் 42ஆவது அதிகாரமே அதுதான். ஆனால் இன்று படிப்பவர் கேள்விக்குறியைத் தேடுவார். ‘பிறருரை ஈறு’ என்று வைக்கலாம்.

மல்லேஸ்வரத்திலிருந்து:
பள்ளியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ‘ஆம்’ பேச்சுக் கொச்சை, அலுவல் எழுத்தில் கூடாது.

அல்சூரிலிருந்து:
கொச்சை இல்லை அம்மா. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்று எழுதியே வந்திருக்கிறோம். ஆனால் அலுவல் எழுத்து பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. ‘வெள்ளிக்குள் தருவாராம்’ என்றால் ‘தந்தால் பார்க்கலாம்’ என்ற தொனி ஏறிவிடும். சொன்னவர் யார் என்பதும் மறைந்துபோகும். பணம், தேதி சம்பந்தமாக நான் அதைத் தொடமாட்டேன்.

கோரமங்களாவிலிருந்து:
சரி. பக்கத்து மேசைக் கன்னடக்காரரிடம் கேட்டேன். அவர்களுக்கும் ‘பர்த்தாரந்தெ’ இருக்கிறது, நம் ‘வருவாராம்’ போலவே. அதற்கு அவர்கள் இலக்கணத்தில் என்ன பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை.

மல்லேஸ்வரத்திலிருந்து:
‘உரை’ என்றால் பிள்ளைகள் விளக்கவுரையை நினைப்பார்கள். ‘பிறர்கூற்று ஈறு’ என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

கோரமங்களாவிலிருந்து:
இப்போதைக்கு அதையே எங்கள் நடைக்குறிப்பில் எழுதி வைக்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. இங்கே சொன்னவர்கள் இரண்டு பேர்: மேலாளர் ஒப்பந்தக்காரரிடம் சொன்னார், அவர் எனக்கு எழுதினார். ‘தருவாராமாம்’ என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் அந்த ஒற்றை ‘ஆம்’ எந்தப் பிறரைக் காட்டுகிறது?