கீர்த்தனாவின் இரண்டாம் கட்டுரை: ‘பெரிய வீடு’ குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

கீர்த்தனா: எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் முதுகலை படிக்க பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கான நான்கு கட்டுரைகளில் இரண்டாவதை எழுதி முடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கீர்த்தனா: “என் தாத்தா கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவித்தவர். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது கண்மாய் வறண்டது. அப்பா வேலை தேடித் திருப்பூருக்குப் போனார். அன்றே நீருக்காக உழைப்பது என்று முடிவெடுத்தேன். படித்து முடித்ததும் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய் சீரமைப்புப் பணியில் சேர்ந்தேன். 40 இளைஞர்களைத் திரட்டி வரத்துக்காலைத் தூர்வாரினேன். அந்த ஆண்டு மூன்று மடைகளிலும் தண்ணீர் வந்தது. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் கண்மாய்களைக் காப்பது அவசியம். அதிகாரிகள், விவசாயிகள் எனப் பலருடன் எனக்கு நல்ல தொடர்பு உண்டு. இங்கிலாந்திலும் பல நண்பர்களைப் பெறுவேன்.”

சுந்தரம் பெரியப்பா: படித்ததும் கண் கலங்கிவிட்டது, பாப்பா. தாத்தா மடை திறக்கும் காட்சி அப்படியே வந்து நின்றது. ஒரு எழுத்தையும் மாற்றாதே. தொடக்கத்தில் நீரின் அருமை பற்றிய குறள் ஒன்றை மட்டும் சேர்த்துவிடு.

அருண்: நன்றாக இருக்கிறது. ஆனால் “பலருடன் தொடர்பு” என்பதை விரித்து எழுது. மாவட்ட ஆட்சியரைச் சந்தித்திருக்கிறாய் அல்லவா? கோட்டப் பொறியாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று பெரிய பொறுப்பில் இருப்பவர்களை வரிசையாகச் சொன்னால் கனமாக இருக்கும்.

விஜி சித்தி: கீர்த்தனா, கேள்வியை அனுப்பவே இல்லையே நீ. தேர்வுக் குழு என்ன கேட்டிருக்கிறது?

கீர்த்தனா: மன்னியுங்கள் சித்தி. தமிழில் சொன்னால் இதுதான்: தொழில் சார்ந்த உறவுகளை எப்படி உருவாக்குகிறீர்கள், எப்படித் தொடர்ந்து பேணுகிறீர்கள்? இப்போது அதைச் செய்துவருவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள் தாருங்கள். இந்தத் திறனை வருங்காலத்தில் எப்படிப் பயன்படுத்த எண்ணுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மாலதி அத்தை: உறவுகளைப் பேணுவதைப் பற்றித்தானே கேட்கிறார்கள்? அப்படியானால் தாத்தா, அப்பா பற்றி எழுதியது சரிதான். நம் குடும்பம் எப்படி ஒற்றுமையாக இருக்கிறது, பொங்கலுக்கு எல்லோரும் எப்படிக் கூடுகிறோம் என்றும் எழுதலாமே.

கீர்த்தனா: அது குடும்ப உறவு இல்லை அத்தை. வேலை வழியாக ஏற்படும் பழக்கத்தைக் கேட்கிறார்கள்.

விஜி சித்தி: எங்கள் கல்லூரி அறக்கட்டளைக்கு வரும் உதவித்தொகை விண்ணப்பங்களை ஒன்பது ஆண்டுகளாகப் படித்து மதிப்பெண் போட்டுவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வருத்தப்படாதே. உன் கட்டுரையை இப்போது சித்தப்பாவிடம் கொடுத்தேன். கேள்வியைக் காட்டவில்லை. “இது எந்தக் கேள்விக்கான பதில்?” என்று மட்டும் கேட்டேன். “தண்ணீர் பற்றிப் படிக்க ஏன் ஆசைப்படுகிறாய் என்று கேட்டிருப்பார்கள்” என்றார்.

கீர்த்தனா: ஐயோ.

விஜி சித்தி: அவர் சொன்னதில் தவறில்லை. பத்து வாக்கியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது கேள்வியின் எந்தப் பகுதிக்கு விடை என்று எழுதிப்பார். ‘உருவாக்குவது’, ‘பேணுவது’, ‘இப்போது’, ‘இனிமேல்’. இந்த நான்கு சொற்களைத் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது. எதிலும் அடங்காத வாக்கியத்துக்குப் பக்கத்தை வெறுமையாக விடு.

(இருபது நிமிடம் கழித்து)

கீர்த்தனா: எட்டு வாக்கியங்களுக்கு எதுவும் எழுத முடியவில்லை. ஒன்பதாவது ‘இப்போது’ என்பதற்கு வரலாம், ஆனால் எடுத்துக்காட்டு இல்லை. பத்தாவது ‘இனிமேல்’. பேணுவதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

சுந்தரம் பெரியப்பா: அப்படியானால் தாத்தாவை வெட்டிவிட வேண்டுமா? முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தவன் நான். உயிரில்லாத கட்டுரை யார் மனத்திலும் நிற்காது, விஜி.

விஜி சித்தி: நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, அத்தான். காட்சி வேண்டும். ஆனால் அந்தக் காட்சி கேட்ட கேள்விக்குள் நடக்க வேண்டும். தாத்தாவுக்கும் கீர்த்தனாவுக்கும் இருந்தது தொழில் உறவு இல்லையே. தலைமைப் பண்புக்குத் தனிக் கேள்வி இருக்கிறது, தூர்வாரியது அங்கே போகட்டும். எதிர்காலப் பணித்திட்டத்துக்கும் தனிக் கேள்வி உண்டு. தாத்தாவும் 2016 வறட்சியும் அங்கே பொருந்தும். எதையும் வீசி எறியச் சொல்லவில்லை, வீடு மாற்றச் சொல்கிறேன்.

அருண்: நான் சொன்ன பெயர் வரிசையும் தேறாதா சித்தி?

விஜி சித்தி: தேறாது அருண். ஆட்சியரை ஒருமுறை சந்தித்தது அறிமுகம். உறவு என்றால் இரண்டு பக்கமும் ஏதோ கைமாறியிருக்க வேண்டும். எத்தனை பேரைத் தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லையே. கீர்த்தனா, ஒன்று சொல். உன் வேலையில் நாளைக் காலை உன்னைத் தானாகக் கூப்பிடக்கூடியவர் யார்?

கீர்த்தனா: கண்மாய் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சி ஐயா கூப்பிடுவார். மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் மாலையில் நானே அவரைக் கூப்பிட்டு, மடையில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். இப்போது கனமழை பெய்தால் அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்.

விஜி சித்தி: அந்தக் கணக்கை என்ன செய்கிறாய்?

கீர்த்தனா: ஒரே பக்கத்தில் எழுதி நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கு அனுப்புவேன். அவர் பொறுப்பில் நிறையக் கண்மாய்கள், எல்லாவற்றையும் நேரில் பார்க்க இயலாது. முதல்முறை அவரைப் பார்க்கப் போனபோது நின்றபடியே பேசி அனுப்பிவிட்டார். அடுத்தமுறை கோரிக்கை மனு கொண்டுபோகவில்லை. பழைய வரத்துக்கால் எங்கே ஓடியது என்று நீர்ப்பாய்ச்சி ஐயாவுடன் நடந்து பார்த்து, கிராம வரைபடத்தில் குறித்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு உட்காரச் சொன்னார்.

விஜி சித்தி: இப்போதும் அதே பொறியாளர்தானா?

கீர்த்தனா: இல்லை, போன ஆண்டு மாற்றலாகிப் போய்விட்டார். போகும்முன் புதியவரிடம் என்னை அழைத்துப்போய், “ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இவரிடமிருந்து வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பழையவரும் அவ்வப்போது, அவர் இப்போது இருக்கும் ஊரின் கண்மாய் பற்றி என்னிடம் கேட்பார்.

விஜி சித்தி: கண்ணு, இதுதான் உன் கட்டுரை. இதில் ஒரு சொல்கூட முன்னால் அனுப்பியதில் இல்லை, பார்த்தாயா? வரைபடத்தோடு போனது உருவாக்கியது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு பேணியது. ஆள் மாறியபின்னும் உறவு அறுபடாதது அதற்குச் சான்று.

சுந்தரம் பெரியப்பா: உட்காரச் சொன்ன இடம் எனக்கும் பிடித்திருக்கிறது. அது காட்சிதான், ஒப்புக்கொள்கிறேன்.

மாலதி அத்தை: எங்கள் கார்த்திக்கும் போன ஆண்டு இப்படித்தான் ஒரு அறக்கட்டளைக்கு எழுதினான். “இந்தப் பணம் எதற்குத் தேவை?” என்பது கேள்வி. அவன் பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்களையும் பரிசுகளையும் எழுதி அனுப்பினான். கிடைக்கவில்லை. மதிப்பெண் போதவில்லை போலும் என்று இன்றுவரை நினைத்திருந்தோம்.

விஜி சித்தி: என்ன காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது மாலதி. ஆனால் கட்டணம் எவ்வளவு, கையில் எவ்வளவு, எவ்வளவு குறைகிறது என்று அவன் எழுதவில்லை என்றால், மதிப்பெண் போட வேண்டியவருக்கு மனம் இருந்தாலும் போட இடமில்லை. எனக்கே பலமுறை நேர்ந்திருக்கிறது. நல்ல பிள்ளை என்று தெரியும், அட்டவணையில் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

(இரவு 8.40)

கீர்த்தனா: திருத்தியது: “நான் தொழில் உறவைக் கோரிக்கையோடு தொடங்குவதில்லை, மற்றவருக்குப் பயன்படும் ஒன்றோடு தொடங்குகிறேன். எங்கள் பகுதி உதவிப் பொறியாளரை இரண்டாம் முறை சந்தித்தபோது, கண்மாயின் நீர்ப்பாய்ச்சியுடன் நடந்து குறித்த பழைய வரத்துக்கால் வரைபடத்தைக் கொடுத்தேன். முதல்முறை நிற்கவைத்துப் பேசியவர் அன்று உட்காரச் சொன்னார். அதிலிருந்து மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் நீர்ப்பாய்ச்சியிடம் மடையின் நீர்மட்டத்தைக் கேட்டு அவருக்கு அனுப்புகிறேன். கடைமடை விவசாயிகளுக்கும் அதே கணக்கைப் படித்துக்காட்டுகிறேன். பொறியாளர் மாற்றலானபோது தன் இடத்துக்கு வந்தவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். இருவருடனும் இன்று தொடர்பில் இருக்கிறேன். இங்கிலாந்தில் செவனிங் அறிஞர்களுடன் பழகி, திரும்பியபின் கண்மாய்களுக்காக அந்த உறவுகளைப் பயன்படுத்துவேன்.”

அருண்: முதல் வாக்கியத்திலேயே கேள்விக்கு விடை வந்துவிட்டது. ஆட்சியர் இல்லாததும் குறையாகத் தெரியவில்லை.

விஜி சித்தி: ஏழு வாக்கியங்கள் உறுதியாக இருக்கின்றன. கடைசி ஒன்று மட்டும் பழைய பத்தாவது வாக்கியத்தின் தங்கை. யார் விண்ணப்பித்தாலும் அதை எழுதலாம். இங்கே செய்ததை அங்கே எவரிடம், எதற்காகச் செய்வாய்?

கீர்த்தனா: இங்கிலாந்தில் ஒவ்வொரு ஆற்றுப்படுகைக்கும் விவசாயிகள், குடிநீர் நிறுவனங்கள், உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து இயங்கும் கூட்டமைப்புகள் இருக்கின்றன. 2013-இலிருந்து அரசு அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அவர்கள் கூட்டங்களில் உட்கார்ந்து, தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான தகராறை எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்று பார்க்க ஆசை. அதை எழுதட்டுமா?

விஜி சித்தி: எழுது. ஆனால் பார்ப்பதோடு நிறுத்தாதே. நீ அவர்களுக்கு என்ன கொடுப்பாய் என்பதும் வேண்டும். உன் முதல் வாக்கியமே அதைத்தானே சொல்கிறது.

அருண்: அதில் எனக்கு உடன்பாடில்லை சித்தி. ஓர் ஆண்டு முதுகலை படிக்கப் போகும் மாணவி அவர்களுக்கு என்ன கொடுக்க முடியும்? மிகைப்படுத்தியதாகத் தோன்றும். திரும்பி வந்து இங்கே இரண்டு ஆண்டுகளாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதனால் எதிர்காலம் என்றால் ஊரில் என்ன செய்வாய் என்பதற்கே கூடுதல் இடம் கொடு.

விஜி சித்தி: ஊர்ப்பகுதிக்குக் கூடுதல் இடம் என்பதை ஏற்கிறேன். கொடுப்பது பற்றி எனக்கு இன்னும் வேறு கருத்துதான். நீர்ப்பாய்ச்சி முறை அங்கே யாருக்கும் தெரியாது, அதைச் சொல்வதே கொடுப்பதுதான். கீர்த்தனா எழுதிப்பார்க்கட்டும்.

மாலதி அத்தை: கேள்வியைச் சொல்லாமல் என் மகள் திவ்யாவிடம் இப்போது படித்துக்காட்டினேன். “அதிகாரிகளிடம் எப்படிப் பழகி வேலையை நடத்துகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்” என்றாள். இனிமேல் என்ன செய்வாய் என்பதும் கேள்வியில் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீர்த்தனா: அப்படியானால் கடைசிப் பகுதிதான் இன்னும் காணவில்லை. கடைமடை வரியைச் சுருக்கி, எதிர்காலத்துக்கு மூன்று வாக்கியங்கள் ஒதுக்குகிறேன். பெரியப்பா, தாத்தாவை நான்காவது கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன். அத்தை, திவ்யாவுக்கு நான்காவதின் கேள்வியைச் சொல்லிவிடாதீர்கள்.