‘டொமெஸ்டீக்’ என்னும் மிதிவண்டிப் போட்டிச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

மடல் 1
வணக்கம். மிதிவண்டிப் போட்டி பற்றிய பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்றுக்குச் சப்டைட்டில் எழுதிவருகிறேன். அணித்தலைவருக்காகக் காற்றை மறித்து முன்னே ஓட்டுவதும், அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருவதும், தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் கடமையான வீரரை அவர்கள் ‘டொமெஸ்டீக்’ என்கிறார்கள். ‘அணித்தலைவருக்கு உதவும் வீரர்’ என்றால் பொருள் விளங்கும். ஆனால் பயிற்சியாளர் வானொலியில் இரண்டு நொடிக்குள் கத்தும் கட்டளையில் அந்தத் தொடரைப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. ‘துணையோட்டி’ பொருந்துமா?

மடல் 2
கிரிக்கெட்டில் சொல்வதுபோல ‘உள்நாட்டு வீரர்’ என்றே எழுதலாமே?

மடல் 3
இங்கே அந்தப் பொருள் இல்லை ஐயா; பிரெஞ்சில் அது வீட்டு வேலையாளைக் குறிக்கும் சொல். ‘துணையோட்டி’யை நான் ஏற்கிறேன். ஐந்தே எழுத்து என்பதால் இட நெருக்கடியும் வராது.

மடல் 4
எழுத்து ஐந்துதான், ஆனால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் மென்பொருள் அதைப் பத்து என்று கணக்கிடும். ஆகவே வரிக்கு 42 என்னும் வரம்பை மென்பொருள் மீறியதாகக் காட்டினாலும், கண்ணுக்கு அந்த வரி எளிதாகவே இருக்கக்கூடும். மாறாக, எழுத்து குறைவு என்பதால் இடமும் குறைவு என்று கொள்ள முடியாது. ‘ணை’, ‘யோ’ போன்றவை திரையில் அகலமாகப் பரவுகின்றன. கைப்பேசித் திரையில் ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்வதே நல்லது. கட்டளையை ‘துணையோட்டிகளே, முன்னே வாங்க!’ என்று சுருக்கலாம். காற்றை மறிப்பது படத்திலேயே தெரிவதால் அதை எழுத வேண்டியதில்லை.

மடல் 5
நான் குத்துச்சண்டைப் படம் ஒன்றுக்கு எழுதியபோது, துண்டை வீசுதல் என்னும் மரபுத்தொடரை ‘தோல்வியை ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றியிருந்தேன். அடுத்த காட்சியில் உண்மையாகவே துண்டு வந்து விழுந்ததால், ‘துண்டை வீசிவிட்டார்’ என்றே வைத்தேன். உங்கள் படத்திலும் காட்சியைப் பார்த்துத்தான் சொல்லை முடிவு செய்ய வேண்டும்.

மடல் 1 எழுதியவர்
சிக்கலும் அங்கேதான். 1934 டூர் டி பிரான்ஸ் போட்டியில் அந்தொனன் மாஞுக்காகத் தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் அமர்ந்திருந்த ரெனே வியத்தோவின் படத்துக்குத் ‘துணையோட்டி’ மிகவும் பொருந்துகிறது. ஆனால் அதற்கு முன், 1911இல் போட்டியின் நிறுவனர் ஆன்ரி தெக்ராஞ்சு மோரிஸ் புரோக்கோவை இதே சொல்லால் இழிவாகக் குறிப்பிட்டது வருகிறது. துணையோட்டி என்று அழைப்பதை வசையாக யாரும் உணர மாட்டார்கள்.

மடல் 4
அந்த ஓரிடத்தில் மட்டும் ‘ஏவலாள்’ என்று வைக்கலாம்.

மடல் 1 எழுதியவர்
அப்படிச் செய்தால், வசைச்சொல்லே பதவிப்பெயராக மாறியதென்று ஒரு பழைய வீரர் பின்னர் பெருமிதத்துடன் சொல்லும் வரி அறுந்துவிடும். எனவே இரண்டு இடங்களிலும் ‘ஏவலோட்டி’ என்று வைத்துப் பார்க்கிறேன். வானொலிக் கட்டளையில் அது கடுமையாக ஒலிக்குமோ என்னும் தயக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.