வீட்டு ஓனர் காலமான பிறகு வாடகை யாருக்கு? எக்ஸிகியூட்டராக நான் எழுதிய மூன்று கடிதங்கள்

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த டீச்சரம்மா 2018 அக்டோபரில் காலமானார். மந்தைவெளியில் சொந்த வீடு. வாசல் பக்கம் ஒரு தையல் கடை, மாடியில் ஒரு குடும்பம், பின்கட்டில் தனியாக ஒரு பையன், மூவரும் வாடகைக்கு. உயிலில் வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி, என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டிருந்தார். "ரெண்டு கையெழுத்துப் போடற வேலைதான் சார்" என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். நானும் நம்பினேன்.

காரியம் முடிந்த மறுநாள் முதல் கடிதம் எழுதினேன். மொத்தமே நான்கு வரி. "அம்மா இறந்துவிட்டார்கள். உயிலின்படி நான் எக்ஸிகியூட்டர். இனிமேல் வாடகையை என்னிடம் கொடுக்கவும்." மூன்று பேரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் பைசா தரவில்லை.

கோபம்தான் வந்தது. அப்புறம் அவர்கள் கேட்டதை யோசித்தபோது தப்பு என் பக்கம் என்று புரிந்தது. தையல்காரர், "சார், உங்களை எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு பிள்ளை வந்து கேட்டா?" என்றார். மாடி வீட்டம்மா, "வாடகை தர்றோம், எங்க அட்வான்ஸை யார் திருப்பித் தருவாங்க?" என்றார். பின்கட்டுப் பையன் வழக்கம்போல ஐந்தாம் தேதி டீச்சரம்மாவின் கணக்குக்கே பணம் அனுப்பியிருந்தான். இரண்டு நாளில் அது திரும்பி வந்துவிட்டது. என் கடிதத்தில் எந்த மாத வாடகையிலிருந்து என்று இல்லை, எந்தக் கணக்கு என்று இல்லை, அட்வான்ஸைப் பற்றி மூச்சே இல்லை.

இரண்டாவது கடிதத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக. தையல் கடைக்கு எழுதியதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது:

"தாங்கள் மாதம் ரூ.9,000 வாடகையில் இருந்துவரும் கடையின் உரிமையாளர் காலமானார். இறப்புச் சான்றிதழ் நகலும், என்னை எக்ஸிகியூட்டராக நியமிக்கும் உயில் பக்கத்தின் நகலும் இணைத்துள்ளேன். 2018 நவம்பர் மாத வாடகை முதல் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும். ஒவ்வொரு மாதமும் நான் கையொப்பமிட்ட ரசீது தருவேன். அந்த ரசீதுள்ள மாதத்துக்கு வேறு எவர் வாடகை கேட்டாலும் அதற்கு நான் பொறுப்பு. தாங்கள் கொடுத்துள்ள அட்வான்ஸ் ரூ.90,000 என்பதை ஒப்பந்தப்படி ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகளில் மாற்றம் இல்லை. இதன் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்டுத் தரவும்."

உயில் முழுவதையும் நகலெடுத்துக் கொடுக்கவில்லை. எந்த வளையல் எந்தப் பேத்திக்கு என்பது வாடகைக்காரருக்கு எதற்கு? நியமனம் உள்ள பக்கம், கையெழுத்தும் சாட்சிகளும் உள்ள பக்கம், அவ்வளவுதான். கணக்கும் என் பென்ஷன் கணக்கு இல்லை. இதற்கென்றே புதிதாக ஒன்று தொடங்கினேன். பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் ஒன்று. அந்த மாதமே மாடியும் பின்கட்டும் பணம் போட்டுவிட்டார்கள்.

இதே வேலை செய்தவர்கள், இல்லை இப்படி ஒரு கடிதம் கைக்கு வந்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்காரி

எங்கள் அப்பா போனபோது நாங்களும் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கடை வாடகைக்காரரிடம் காட்டி, அம்மா பேருக்கு மாற்றினோம். தாலுகா ஆபீசுக்கு நாலு நடை. நீங்கள் வாரிசுச் சான்றிதழ் இணைக்கவில்லையா? அதில்லாமல் எப்படிக் கொடுத்தார்கள்?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

உங்கள் அப்பா உயில் எழுதியிருந்தாரா அம்மா? எழுதவில்லை என்றால் எக்ஸிகியூட்டர் என்று ஒருவர் கிடையாது. வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். எங்கள் கதையில் நான் வாரிசே இல்லை. வாரிசுச் சான்றிதழில் என் பெயரே வராது.

கும்பகோணத்துக்காரி

ஓ, எழுதவில்லை. ஆனால் அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆறு மாதம் இழுத்தான், அது தனிக்கதை.

மேற்கு மாம்பலம் மாடிவாசி

உயில் ரிஜிஸ்டர் ஆகியிருந்தால் போதுமே, வேறு எதுவும் வேண்டாம். ரிஜிஸ்டர் ஆகாத உயிலுக்குத்தான் ப்ரொபேட். எங்கள் ஓனரின் உயில் ரிஜிஸ்டர் ஆனது, அதனால் கடிதம் வந்ததும் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டேன்.

கோர்ட்டு வாசல்

கட்டியது சரி, சொன்ன காரணம் தப்பு. முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. பதிவு செய்தாலும் அது ப்ரொபேட்டுக்கு மாற்று ஆகாது. சென்னை நகருக்குள் இருக்கும் சொத்து என்றால், பதிவான உயிலோ ஆகாத உயிலோ, இந்து எழுதியதாக இருந்தால் அன்றைக்கு ப்ரொபேட் இல்லாமல் கோர்ட்டில் உரிமையை நிலைநாட்ட முடியாது. 1925ஆம் வருட வாரிசுரிமைச் சட்டத்தில் 213ஆம் பிரிவு என்று இருந்தது. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் வாத்தியார் கடிதத்துக்கு ப்ரொபேட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எக்ஸிகியூட்டருக்கு அதிகாரம் உயிலிலிருந்து வருகிறது, எழுதியவர் இறந்த அன்றே. ப்ரொபேட் என்பது கோர்ட் அதை உறுதிப்படுத்துவது. வாடகை வாங்கலாம், ரசீது தரலாம். தராதவர் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கத்தான் அன்றைக்கு அது தேவைப்பட்டது. தையல்காரர் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் வாத்தியார் கை கட்டப்பட்டிருக்கும்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

உட்கார்ந்தார்! அதைத்தான் சொல்ல வந்தேன்.

டீச்சரம்மா மகன் பெங்களூரில். அம்மா இருக்கும்போது அவருக்குப் பவர் எழுதிக்கொடுத்திருந்தார், அதை வைத்துத்தான் அவர் வீட்டு விஷயங்களைக் கவனித்துவந்தார். நவம்பர் கடைசியில் வந்து தையல்காரரிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டி நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்கு ரூ.18,000 வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் கடிதத்தின் நகலில் தையல்காரரின் கையெழுத்து அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியில் இருக்கிறது.

மேற்கு மாம்பலம் மாடிவாசி

பவர் இருந்தால் வாங்கலாமே. முத்திரைத்தாள், பதிவு எல்லாம் இருக்குமே.

கோர்ட்டு வாசல்

எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் மூடிவிடும். எத்தனை முத்திரை இருந்தாலும் சரி. மகனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம், நிறையப் பேருக்குத் தெரியாது.

தையல்காரர் நிலைமைதான் சிக்கல். ஓனர் மாறியது தெரியாமல் நல்லெண்ணத்தில் பழைய ஆளிடம் கொடுத்துவிட்டால் வாடகைக்காரரை மறுபடி கேட்க முடியாது. சொத்து மாற்றச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கின பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

வக்கீலும் அதையேதான் சொன்னார், தையல்காரரிடம் மறுபடி கேட்கலாம் என்று. எனக்கு மனசு வரவில்லை. மெஷினிலிருந்து எழுந்து வந்து, பாபினை விரலில் சுற்றிக்கொண்டே, "பெத்த பிள்ளை சார், எப்படி இல்லேன்னு சொல்றது?" என்று நின்றார்.

மகனுக்கு வீட்டில் பாதி உண்டு. அம்மா இறந்த நாளிலிருந்து வரும் வாடகை, செலவு போக, வீடு யாருக்கோ அவர்களுக்கே. ஆக அந்த 18,000 மகன் தன் பங்கில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது என்று கணக்கில் எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். தையல்காரருக்கு அந்த இரண்டு மாதத்துக்கும் ரசீது கொடுத்துவிட்டேன். மகனுக்கு உயிலில் பங்கே இல்லாமல் போயிருந்தால் இந்த வழி கிடையாது. தையல்காரர்தான் மாட்டியிருப்பார்.

வங்கிக் கவுண்டர்

பின்கட்டுப் பையன் பணம் திரும்பி வந்தது சரிதான். இறந்த தகவல் தெரிந்ததும் வரும் பணத்தைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவோம். இல்லையென்றால் குடும்பத்தார் கேட்டால் 'எஸ்டேட்' என்று இறந்தவர் பேரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, அதில் வரவு மட்டும் வைத்துக்கொள்ளலாம், யாரும் எடுக்க முடியாது. வாத்தியாரே, அப்படி ஒன்று வைத்திருந்தால் உங்கள் பேரில் கணக்கு தொடங்கியிருக்கவே வேண்டாமே?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

எடுக்க முடியாது என்பதுதான் இடைஞ்சல். வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், கோர்ட் செலவு எல்லாம் அந்த வாடகையிலிருந்துதானே போக வேண்டும்? எக்ஸிகியூட்டர் என்ற பேரிலேயே எடுக்கக்கூடிய கணக்கு கேட்டேன், ப்ரொபேட் கொண்டுவா என்றார்கள். அதனால்தான் என் பேரில் புதுக் கணக்கு. என் காசு ஒரு ரூபாய் அதில் கலக்கவில்லை, அந்தக் காசு ஒரு ரூபாய் என் சொந்தச் செலவுக்குப் போகவில்லை. மாதம் ரூ.31,500 வரவு. பாஸ்புக் நகலை இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவிடுவேன்.

ஐடி கம்பெனி வாடகைக்காரன்

எனக்கு வந்த கடிதத்தில் எல்லாம் இருந்தது, பான் நம்பர் மட்டும் இல்லை. வருட வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் ஆபீசில் ஓனர் பான் கேட்டார்கள். பழைய நம்பரையே வருடம் முழுக்கக் கொடுத்தேன், இறந்தவர் பான் என்று யாரோ கண்டுபிடித்து ரசீதையெல்லாம் திருப்பிவிட்டார்கள். கடிதம் எழுதுகிறவர்கள் எந்த மாதம் வரை எந்தப் பான் என்று ஒரு வரி போடுங்கள் ஐயா.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

மாடி வீட்டுக்காரரும் மார்ச்சில் இதற்குத்தான் வந்து நின்றார். அவரிடம் இன்னொரு தகராறும் உண்டு. ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் ஒரு லட்சம். அவர் 1,60,000 என்றார். டீச்சரம்மா கையெழுத்தில் "மேலும் 60 பெற்றேன்" என்று நோட்டுத்தாள் துண்டு ஒன்று காட்டினார். தேதி இல்லை. அறுபது ஆயிரமா, அறுபது ரூபாயா என்றும் இல்லை. எழுத்து அவருடையதுதான், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளைகள் பணத்தை என் நம்பிக்கையில் ஒப்புக்கொள்ள முடியுமா? "ஒரு லட்சம் ஒப்புக்கொள்கிறேன், மீதி குறித்த தங்கள் கோரிக்கை பதிவுசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினேன்.

கோர்ட்டு வாசல்

சரியாக எழுதினீர்கள். ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மேற்கு மாம்பலம் மாடிவாசி

அவர் இடத்தில் நான் இருந்தால் 60,000 கழியும்வரை வாடகை தரமாட்டேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

அவர் அப்படிச் செய்யவில்லை. மாதா மாதம் 16,000 போட்டுக்கொண்டே வந்தார். அதனாலேயே அவர் சொல்வது நிஜமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு உறுத்தல்.

மூன்றாவது கடிதம் 2020 மார்ச் நடுவில். ப்ரொபேட் கிடைத்து, வரி பாக்கி எல்லாம் தீர்த்து, வீட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தேன். "என் பொறுப்பு முடிந்தது, 2020 ஏப்ரல் வாடகை முதல் மகளின் கணக்கில் செலுத்தவும், அட்வான்ஸ் பொறுப்பும் இருவரையே சேரும்" என்று எழுதி, நானும் மகனும் மகளும் மூவரும் கையெழுத்துப் போட்டோம். மகன் கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் தையல்காரருக்கு மறுபடி அதே சங்கடம் வரும்.

கடிதம் போய்ச் சேர்ந்த அடுத்த வாரம் ஊரே அடைத்துவிட்டார்கள். கடை மூடிக்கிடந்ததால் மகளுக்கு வர வேண்டிய முதல் மாத வாடகையே தையல் கடையிலிருந்து வரவில்லை. மகள் எனக்குப் போன் போட்டு, "அங்கிள், நீங்களே கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். மூன்றாவது கடிதத்தை எடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னேன்.