பொருள்: டாய்க்கிரி என்ற ரம் காக்டெயிலில் சுவைகளின் ‘பேலன்ஸ்’ என்பதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பவர், முத்தியால்பேட்டை:
பார் பயிற்சிக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘ஒருவரின் பேலன்ஸைச் சோதிக்க டாய்க்கிரி போடச் சொல்’ என்ற வரியில் ‘சமநிலை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர், மஞ்சக்குப்பம்:
சரிதான். ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றும் சம அளவில் இருப்பதால் சமநிலை. கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘சுவையீடு’ எனலாம்.

பார் பயிற்சியாளர், லாஸ்பேட்டை:
ஐயா, ‘சமநிலை’ வேண்டாம் என்று நான் சொல்வதே இதனால்தான். அளவு சமமில்லை. வெள்ளை ரம் 60 மி.லி., அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 22.5, பாகு 22.5. அதுவும் சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை போட்ட பாகாக இருந்தால்தான். ஒன்றுக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்ட கெட்டிப் பாகு என்றால் 15 போதும். இரண்டிலும் சர்க்கரை சுமார் 13, 14 கிராம்தான். பாகு மாறியதைக் கவனிக்காமல் கெட்டிப் பாகை 22.5 ஊற்றினால் 20 கிராம் ஆகிவிடும், உதடு ஒட்டும். அடிக்கடி நடக்கும் தப்பு இதுதான். நம்மூர் சின்ன எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம், சாறை 20இல் தொடங்குங்கள்.

‘சுவையீடு’ என்றால் மதிப்பீடு மாதிரி மார்க் போடுவதாகத் தோன்றுகிறது.

வீட்டில் போட்டுப் பார்ப்பவர், சாரம்:
வீட்டில் சீனியையே போட்டுக் குலுக்கினேன். முதல் வாய் புளிப்பு, கடைசி வாய் பாயசம். அப்போ எலுமிச்சையைக் குறைக்கணுமா?

பார் பயிற்சியாளர்:
குறைக்காதீங்க. அளவு சரியாகவே இருக்கலாம், சீனி கரையவில்லை. குளிர்ந்த சாராயத்தில் அது லேசில் கரையாது. முதலில் சாறில் கரைத்துவிட்டு, பிறகு ரம், ஐஸ். 10–12 விநாடி பலமாகக் குலுக்கினால் 105 மி.லி. கலவை உருகிய தண்ணீரோடு 150ஐ ஒட்டி வரும். உருகி ஈரமாகக் கிடக்கும் ஐஸ் போட்டால் தண்ணீர் மிஞ்சி எல்லாமே சப்பென்று போகும். ருசி பார்ப்பதும் குளிர்ந்த பிறகுதான். குளிரில் இனிப்பு அடங்கித் தெரியும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘உப்பு தூக்கல்’ என்கிறோம் இல்லையா? டாய்க்கிரியில் மூன்றே பொருள், ஒளிய இடமில்லை. புளிப்புத் தூக்கலா, இனிப்புத் தூக்கலா, ரம் தூக்கலா என்று ஒரே வாயில் தெரியும். ‘தூக்கல் பார்க்க டாய்க்கிரி போடச் சொல்’ என்று எழுதுங்களேன்.

தமிழாசிரியர்:
மூன்றும் சமம் என்றது என் பிழை. ஆனால் ‘தூக்கல்’ குறையின் பெயர். குறையில்லாத நிலைக்குப் பெயர் வேண்டாமா? ‘பதம்’?

மொழிபெயர்ப்பவர்:
இதே குறிப்பில் பாகு காய்ச்சும் பகுதியும் இருக்கிறது, ஐயா. ‘பதம்’ என்றால் கம்பிப் பதம் என்று படிப்பார்கள். ‘தூக்கல்’ எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கு இடம் காலியாகவே விட்டிருக்கிறேன்.