முந்திக் கிளம்பிய நான்-ஸ்ட்ரைக்கர்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

அம்பாசமுத்திரத்துக்காரர்

எங்கள் பக்கத்து லெதர் பந்துப் போட்டி ஒன்றின் கடைசி ஓவரில் நடந்தது இன்னும் என்னை உறுத்துகிறது. வெற்றிக்கு நான்கு ரன் தேவை. நான் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் எல்லைக்கோட்டருகே நின்றிருந்தேன். வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து, முன்காலை ஊன்றி, கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து கீழே இறக்கியும்விட்டார். ஆனால் பந்து மட்டும் அவர் விரல்களிலேயே இருந்தது. பந்து போய்விட்டதென்று நம்பிய எங்கள் நான்-ஸ்ட்ரைக்கர் அப்போதுதான் கோட்டைத் தாண்டினார். வீச்சாளர் திரும்பி பெய்ல்ஸைத் தட்டியபோது மட்டையின் நுனி கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. அம்பயர் சற்றும் தயங்காமல் விரலை உயர்த்தினார். கை இறங்கிய பிறகே கால் கிளம்பியது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சங்கர் நகர் ரசிகர்

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அது அவுட்தான். 2022 ஜூன் 23 அன்று எங்கள் சங்கர் நகர் மைதானத்தில், டி.என்.பி.எல். தொடரின் முதல் ஆட்டத்தில், நெல்லை அணியின் பாபா அபராஜித் சேப்பாக்கம் அணியின் ஜெகதீசனை இவ்வாறே ரன் அவுட் ஆக்கினார். ஜெகதீசன் கோபத்தில் ஒரு சைகை காட்டிவிட்டு, பின்னர் அதற்கு மன்னிப்பும் கேட்டார். அப்போது இந்த விதி ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பிரிவில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதைச் சாதாரண ரன் அவுட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எனவே பந்து கையை விட்டுப் போகும்வரை எப்போது வேண்டுமானாலும் ஸ்டம்பைத் தட்டலாம்.

பாளையங்கோட்டை அம்பயர்

தம்பி, பிரிவு மாறியது என்று நீங்கள் சொன்னது சரி. ‘எப்போது வேண்டுமானாலும்’ என்றது சரியன்று. வீச்சாளர் வழக்கமாகப் பந்தை விடக்கூடிய கணம் வரைதான் நான்-ஸ்ட்ரைக்கர் கோட்டுக்குள் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா, டாம் ராஜர்ஸ் என்பவரின் ஸ்டம்பைத் தட்டியபோது ராஜர்ஸ் கோட்டுக்கு வெளியேதான் இருந்தார். ஆயினும் ஸாம்பாவின் கை உச்சியைக் கடந்துவிட்டது என்பதால் மூன்றாம் நடுவர் நாட் அவுட் என்றார். கை உச்சத்தை எட்டிய பிறகு இந்த முறையில் அவுட் ஆக்க இயலாது என்பதை, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. அதன் பின்னர் விதியின் வாசகத்திலேயே தெளிவாக்கியது. அம்பாசமுத்திரத்துக்காரர் கண்டது கண்டபடியே இருந்திருந்தால், அது டெட் பால். அந்தப் பந்து ஓவர் கணக்கிலும் சேராது.

ஆனால் அந்த அம்பயரின் இடத்தையும் எண்ணிப் பாருங்கள். நோ பால் பார்ப்பதற்காக எங்கள் கண் முன்கால் விழும் இடத்தில் இருக்கும்; நிமிரும்போது கை ஏற்கெனவே மேலே போயிருக்கும். கேமரா இல்லாத எங்கள் மைதானங்களில், வீச்சாளர் ஓட்டத்தை முன்கால் ஊன்றுவதற்கு முன்பே நிறுத்தினால் எனக்கு ஐயம் எழுவதில்லை. கால் ஊன்றிய பிறகு கையும் சுழன்றிருந்தால், நான் கையைப் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் ஒழிய அவுட் கொடுக்க மாட்டேன்.

வள்ளியூர் பேட்ஸ்மேன்

என் கதையும் இதே வகைதான். இரண்டாவது ரன்னுக்கு ஓடித் திரும்பும்போது, ஃபீல்டர் எறிந்த பந்து என் முதுகில் பட்டது. ஃபீல்டிங்கைத் தடுத்ததாக எனக்கு அவுட் கொடுத்துவிட்டார்கள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான்-ஸ்ட்ரைக்கராக நிற்கும்போது, வீச்சாளர் இருக்கும் பக்கத்துக் கையிலேயே மட்டையைப் பிடித்து, அவரைப் பார்த்தபடி அதன் நுனியைக் கோட்டுக்குள் தரையில் ஊன்றி வையுங்கள். பந்து விடுபடுவதைக் கண்ணால் கண்ட பிறகே மட்டையை எடுங்கள். எதிரே நிற்பவர் ‘வா’ என்று கத்தினாலும் அதுவரை அசையாதீர்கள். இதனால் இழப்பது ஓர் அடிதான்.

பாளையங்கோட்டை அம்பயர்

வள்ளியூர்க்காரரே, உங்களுடையது வேறு விதி. அங்கே கேள்வி, வேண்டுமென்றே தடுத்தாரா என்பதே. 2024 மே மாதம் சேப்பாக்கத்தில் ஜடேஜா திரும்பி ஓடும்போது, சஞ்சு சாம்சன் எறிந்த பந்தின் பாதைக்குள் தம் வழியை மாற்றிக்கொண்டார் என்று கண்டே மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். நீங்கள் வழி மாறாமல் நேரே ஓடியிருந்தால், முதுகில் பட்டது மட்டும் அவுட்டுக்குப் போதாது.

சங்கர் நகர் ரசிகர்

கை உச்சி பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனாலும் எங்கள் போட்டிகளில் முதலில் ஒரு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று அணித் தலைவர்கள் பேசிவைத்துக்கொள்கிறார்கள். விதியில் அப்படி எதுவும் இல்லாதபோது, அந்த உடன்பாட்டை மீறி வீச்சாளர் அப்பீல் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், அண்ணாச்சி?

பாளையங்கோட்டை அம்பயர்

கோட்டுக்கு வெளியே இருந்தார் என்றால் அவுட்தான் கொடுப்பேன். அப்பீலைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா என்று ஃபீல்டிங் அணித் தலைவரிடம் ஒரு முறை கேட்பேன். அவர் மறுத்தால் அதற்கு மேல் எனக்கு வழியில்லை. சில அம்பயர்கள் இதைக் கேட்பதே தவறு என்கிறார்கள்.